பட்டியலைக் கந்தோரில் கொடுக்க முன்: பெயர், திகதி, இலக்கம் சரிபார்க்கும் ஒழுங்கு

*எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். வெள்ளத்தில் வயல் அழிந்த 48 பேரின் பட்டியலைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். போனமுறை கொடுத்ததில் ஆறு பேருடையது பெயர் பிழை, அடையாள அட்டை இலக்கம் பிழை என்று திரும்பி வந்தது. மூன்று தரம் வாசித்துத்தான் கொடுத்தேன். இந்த முறை எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்?*

மூன்று தரம் வாசித்ததுதான் சிக்கல். நீங்கள் ரைப் செய்த தாளை நீங்களே வாசித்தால், முதல் தரம் கண் பார்க்கும், இரண்டாம் தரம் ஞாபகம் பார்க்கும், மூன்றாம் தரம் ஒன்றுமே பார்க்காது. அதோடு, ஒரு கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் வாசிக்கும்போது இடறும். 78161 என்பதற்குப் பதிலாக 78116 என்று இருந்தால் எங்கே இடறப்போகிறது? இரண்டும் பார்வைக்கு இலக்கம்தான். எது சரி என்பது அந்தத் தாளில் இல்லை, அந்த மனிதரின் அடையாள அட்டையில் இருக்கிறது.

ஆகவே வாசிப்பதை விட்டுவிட்டு, ஒப்பிடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் சோதியுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் கந்தோர்களில் பட்டியல் வாங்கும் மேசையிலும் பட்டியல் எழுதும் மேசையிலும் மாறிமாறி இருந்தவன். என் ஒழுங்கு இது: முதலில் மூலப்பத்திரங்கள், பிறகு பெயர், பிறகு அடையாள அட்டையும் பிறந்த திகதியும், பிறகு வங்கிக் கணக்கு, பிறகு காணியளவும் காசும், கடைசியாக மேற்கடிதம். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுற்றாகப் பார்க்க வேண்டும். ஒரே சுற்றில் ஒரு வரியின் பெயர், இலக்கம், ஏக்கர், காசு எல்லாவற்றையும் பார்க்கப் போனால் பத்தாவது ஆளோடு களைப்பு வந்துவிடும்.

மூலப்பத்திரத்தில் தொடங்குகிறேன். அங்கத்தவர் தொலைபேசியில் சொன்ன இலக்கம் மூலம் ஆகாது. போன வருடப் பட்டியலும் மூலம் ஆகாது, அதில்தானே பிழை இருந்தது. அடையாள அட்டையின் இரண்டு பக்கப் போட்டோப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி, காணி அனுமதிப்பத்திரத்தின் அல்லது உறுதியின் பிரதி, இந்த மூன்றும் ஒருவருக்கு ஒரு கட்டாக வேண்டும். கட்டின் மூலையில் பட்டியல் வரிசை இலக்கத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பிரதி மங்கலாக இருந்தால் 3, 8, 6 மூன்றும் ஒரே மாதிரித் தெரியும். அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அட்டையை நேரில் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.

இனிப் பெயர். போனமுறை உங்களுக்குத் திரும்பி வந்ததில் பாதியாவது இங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது புதினம் இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சிவராசா, வாக்காளர் இடாப்பில் சிவராஜா, வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் Sivarasa அல்லது Sivarajah. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பெண்களுக்குக் கலியாணத்துக்கு முன் எடுத்த அட்டையில் தகப்பனின் முதலெழுத்து, பின்னர் திறந்த கணக்கில் கணவனின் முதலெழுத்து.

இந்த இடத்தில் படித்தவர்கள்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். றஞ்சினி என்று அட்டையில் இருக்கும். சொல்லின் முதலில் றகரம் வராது என்று இலக்கணம் படித்த ஒருவர் அதை ரஞ்சினி என்று திருத்திவிடுவார். தர்சினியைத் தர்ஷினி ஆக்குவார். தமிழுக்கு அது சரியாக இருக்கலாம், பட்டியலுக்கு அது வேறு ஆள். பெயரில் இலக்கணம் பார்க்கக் கூடாது. அட்டையில் எப்படி இருக்கிறதோ, புள்ளி, இடைவெளி, முதலெழுத்து உட்பட அப்படியே எழுதுங்கள்.

அப்படியென்றால் அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் பெயர் வேறுபட்டால் எதை எழுதுவது? இரண்டையும். பெயர் நிரலில் அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். வங்கி விபரத்துக்கு ‘கணக்கில் உள்ள பெயர்’ என்று இன்னொரு நிரல் வைத்து, அதில் புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கி அழகுபடுத்தப் போனால் இரண்டு இடத்திலும் பிழையாகும். வேறுபாடு முதலெழுத்தோடு நின்றால் குறிப்பு நிரலில் ஒரு வரி போதும். முழுப்பெயரே வேறாக இருந்தால், அந்த ஆளிடம் சொல்லி வங்கியில் முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். உங்களால் பேனையால் தீர்க்கக்கூடிய விடயம் அல்ல அது.

ஊர்ப்பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். கடிதத்தில் வெறுமனே ‘மாந்தை’ என்று எழுதினால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வவுனியா, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு மூன்றும் மூன்று பிரதேச செயலகப் பிரிவுகள். புதுக்குளம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் இருக்கிறது. ஊரின் பெயரோடு கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது. விதானையாரிடம் ஒருக்கால் கேட்டு எழுதி வைத்தால் எல்லா வரிக்கும் அதுவே பயன்படும்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். இதைப்பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கை அட்டையின் இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி ஒளிந்திருக்கிறது. பலருக்கு இது கேள்விப்பட்ட விடயம், ஆனால் பட்டியல் சரிபார்க்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், V அல்லது X. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. முதல் நான்கு இலக்கம் வருடம், அடுத்த மூன்று நாள் எண். நாள் எண்ணும்போது எந்த வருடமாக இருந்தாலும் மாசிக்கு, அதாவது பெப்ரவரிக்கு, 29 நாள் என்றே கணக்கு. இதை மறந்தால் மார்ச்சிலிருந்து எல்லாத் திகதியும் ஒருநாள் பிழைத்துப் போகும்.

ஒருவர் 1978 ஜூன் 9ஆம் திகதி பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, மொத்தம் 152. அதோடு 9 கூட்டினால் 161. அவருடைய பழைய அட்டை இலக்கம் 78161 என்று தொடங்க வேண்டும். அவருடைய மனைவியும் அதே நாளில் பிறந்திருந்தால் 78661. இப்போது உங்கள் பட்டியலில் இவருடைய பிறந்த திகதி 1978.09.06 என்று இருந்தால், அட்டை இலக்கம் 250 என்ற நாள் எண்ணைக் காட்ட வேண்டும். 161 என்று இருப்பதால் மாதமும் நாளும் இடம் மாறிவிட்டன என்று உடனே தெரியும். 161ஐ யாராவது 116 என்று ரைப் செய்திருந்தால் அது ஏப்ரல் 25 ஆகிவிடும், அதுவும் பிடிபடும்.

48 பேருக்குக் கையால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. எக்செல்லில் அட்டை இலக்கம் C நிரலில் இருந்தால், D நிரலில் நாள் எண்ணை எடுக்க இது:

```
=IF(LEN(C2)=12,MID(C2,5,3),MID(C2,3,3))
```

அதிலிருந்து மாதத்தையும் நாளையும் எடுக்க E நிரலில் இது:

```
=TEXT(DATE(2000,1,MOD(D2,500)),"mm-dd")
```

2000 என்பது லீப் வருடம் என்பதால் அந்த 29 நாள் கணக்குத் தானாகச் சரியாகிவிடும். E நிரலில் வருவதும் நீங்கள் எழுதிய பிறந்த திகதியும் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் கட்டுக்களில் எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டு நிரலும் உங்களுக்கு மட்டும், கந்தோருக்குக் கொடுக்கும் பிரதியில் அழித்துவிடுங்கள்.

இதே நாள் எண் இன்னும் சில விடயங்களைச் சும்மா சொல்லித்தரும். அது 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை மட்டும்தான் இருக்க முடியும். 423 என்றோ 890 என்றோ வந்தால் ரைப் பிழை, வேறு யோசனையே வேண்டாம். ‘திரு’ என்று எழுதியவருக்கு 500க்கு மேல் வந்தால், அல்லது ‘திருமதி’ என்று எழுதியவருக்கு 500க்குக் கீழ் வந்தால், ஒன்றில் இலக்கம் பிழை அல்லது வரி மாறியிருக்கிறது. தொடர்ச்சியாக ஐந்தாறு வரிகள் ஒத்துவராமல் இருந்தால், தனித்தனிப் பிழை தேட வேண்டாம். ஒரு நிரல் ஒரு வரி மேலே அல்லது கீழே வழுக்கியிருக்கும். பெயர்களை அகர வரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்திவிட்டால் இப்படித்தான் ஆகும். பெயர்கள் எல்லாம் சரி, இலக்கங்கள் எல்லாம் சரி, ஆனால் ஒருவருடைய இலக்கம் இன்னொருவர் பெயருக்கு எதிரே. வாசித்துப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். வரிசைப்படுத்திய பிறகு முதல் வரி, நடு வரி, கடைசி வரி மூன்றையும் கட்டோடு ஒப்பிடாமல் மேலே போகவே வேண்டாம்.

ஒருவரே இரண்டு தரம் வந்திருக்கிறாரா என்பதையும் இங்கே பார்க்கலாம். பழைய அட்டை வைத்திருந்தவர் புதிய அட்டை எடுத்திருப்பார், ஒரு தரம் பழைய இலக்கத்தோடும் மறுதரம் புதிய இலக்கத்தோடும் பதிந்திருப்பார். பழைய இலக்கத்தைப் புதியதாக்கும் முறை லேசானது: முன்னால் 19 சேர்க்க வேண்டும், நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும், கடைசி எழுத்தை விட வேண்டும். 78161 என்று தொடங்குவது 19781610 என்று தொடங்கும், மிச்ச நான்கு இலக்கமும் அப்படியே வரும். எல்லாவற்றையும் ஒரு தனி நிரலில் பன்னிரண்டாக்கி வைத்துத் தேடினால் இரட்டைப் பதிவு அகப்படும். ஆனால் கொடுக்கும் பட்டியலில் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், நீங்களாக மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கடைசி நான்கைந்து இலக்கங்களில் விட்ட பிழையை அது பிடிக்காது. அவை தொடர் இலக்கமும் சோதனை இலக்கமும், திகதியோடு சம்பந்தம் இல்லை. அதற்கு ஆள் வேண்டும், கீழே சொல்கிறேன். இன்னொன்று, அட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் தங்களுக்குள்ளேயே முரண்படுவது. 2009 இடப்பெயர்வில் பத்திரம் எல்லாம் தொலைந்து, பிறகு ஞாபகத்தில் சொல்லி அட்டை எடுத்தவர்கள், உத்தேச வயதுச் சான்றிதழில் எடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அப்படியான வரியில் நீங்கள் எதையும் ‘சரிப்படுத்த’ வேண்டாம். கேட்கப்பட்டது அட்டையின் விபரம் என்றால் அட்டையில் உள்ளதை எழுதி, குறிப்பு நிரலில் வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

கணினி தானாகச் செய்யும் சில்லறை வேலைகளும் இருக்கின்றன. பன்னிரண்டு இலக்க அட்டை எண்ணை எக்செல்லில் நேரே ரைப் செய்தால் அது 1.97816E+11 என்று காட்டும். வங்கிக் கணக்கு இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால் முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிடும். பதினாறு இலக்கம் வந்தால் கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும், ஏனென்றால் அது பதினைந்து இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்திருக்காது. ரைப் செய்ய முன்னரே அந்த நிரல்களை Text என்று மாற்றிவிட வேண்டும். ரைப் செய்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.

பாமினி எழுத்துருவில் ரைப் செய்கிறவர் என்றால் இன்னொரு தலையிடி. பாமினியில் V விசை ஏகாரம், X விசை ஓகாரம், சாய்கோடு ஆய்த எழுத்து. எழுத்துருவை மாற்றாமல் அட்டை இலக்கத்தை ரைப் செய்தால் கடைசி V இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ நிற்கும், 2024/2025 என்பது 2024ஃ2025 ஆகும். பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும்போதும் இதே கூத்துத்தான். முடிந்ததும் ‘ஃ’ என்ற எழுத்தை ஒரு தரம் தேடிப் பாருங்கள், எங்கெங்கே சாய்கோடு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, ஆள் வைத்துச் செய்யும் வேலை. கடைசி இலக்கங்களுக்கும் வங்கிக் கணக்கு இலக்கங்களுக்கும் வேறு வழி இல்லை. இருவர் இருக்க வேண்டும். ஒருவர் கட்டைக் கையில் எடுத்து மூலப்பத்திரத்தைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சிட்ட பட்டியலைப் பார்த்துக்கொண்டு பென்சிலால் புள்ளி வைப்பார். மாறிச் செய்யக் கூடாது: பட்டியலை வாசித்து மூலத்தில் பார்க்கச் சொன்னால், பார்க்கிறவர் காதில் விழுந்ததை மங்கல் பிரதியில் ‘கண்டுவிடுவார்’. இலக்கங்களை ஒவ்வொன்றாக, மூன்று மூன்றாக நிறுத்தி வாசியுங்கள். ‘எழுபத்தெட்டு, நூற்று அறுபத்தொன்று’ என்று வாசித்தால் அறுபத்தொன்றும் எழுபத்தொன்றும் காதில் ஒன்றாக விழும். ‘ஏழு, எட்டு, ஒன்று’ என்று வாசித்தால் விழாது, ஏழையும் எட்டையும் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பட்டியலை ரைப் செய்தவர் வாசிக்கலாம், புள்ளி வைக்கக் கூடாது. தன் பிழையைத் தன் கண்ணுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று இந்த வேலைக்கு மிகவும் நல்லது, ஆட்களைத் தெரியாது, ஆகவே ஊகிக்காது. 48 வரிக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். இடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மிச்சத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். களைத்த கண் வழமையாகப் பட்டியலின் அடியில்தான் பிழை விடும்.

இனிக் காணியும் காசும். எங்கள் அனுமதிப்பத்திரங்களில் காணியளவு ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று பகுதியாக இருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். ஆகவே நடு எண் 3க்கு மேல் போகாது, கடைசி எண் 40ஐத் தொடாது. அதற்கு மேல் கண்டால் நிரல் மாறியிருக்கிறது. இதைவிட அடிக்கடி நடப்பது, 1 ஏக்கர் 2 றூட்டை 1.2 ஏக்கர் என்று எழுதுவது. இரண்டு றூட் அரை ஏக்கர், அது 1.5. பத்திரத்தில் 1-2-20 என்று இருந்தால் ஒன்று, அரை, பிறகு 20 பேர்ச்சுக்கு 0.125, மொத்தம் 1.625 ஏக்கர். பரப்புக் கணக்கில் சொல்கிறவர்களும் இருப்பார்கள், 16 பரப்பு ஓர் ஏக்கர். படிவம் ஹெக்டேயரில் கேட்கிறதா ஏக்கரில் கேட்கிறதா என்று நிரலின் தலைப்பைப் பாருங்கள். ஒரு ஹெக்டேயர் கிட்டத்தட்ட 2.47 ஏக்கர், மாறி எழுதினால் சின்ன வித்தியாசம் இல்லை.

காசுக்கு ஒரு கணக்கு செய்து காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. ஏக்கருக்கு 24,000 ரூபா, 48 பேரின் காணியும் சேர்த்து 98.5 ஏக்கர். இரண்டையும் பெருக்கினால் 2,364,000 வர வேண்டும். நீங்கள் காசு நிரலைக் கூட்டிப் பார்த்தால் 2,391,000 வருகிறது. வித்தியாசம் 27,000. இந்த இடத்தில் பலர் 48 வரியையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் வித்தியாசத்தை 9ஆல் பிரியுங்கள். 27,000ஐ 9ஆல் பிரித்தால் மீதியின்றி 3,000 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் பிரிபடும். 3,000 என்பதிலுள்ள 3, மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். ஆயிரம் என்பது மாறிய இடம், அதாவது ஆயிரத்தின் தானமும் பத்தாயிரத்தின் தானமும். எனவே தேட வேண்டியது 41,000, 52,000, 63,000, 74,000 போன்ற வரிகளை மட்டும். 63,000 என்று ஒரு வரி இருக்கிறது. கட்டை எடுத்துப் பார்த்தால் 1-2-0, ஒன்றரை ஏக்கர், வர வேண்டியது 36,000.

இந்த 63,000ஐ வெறும் கண்ணால் பிடித்திருக்க முடியாது. 2-2-20 காணி உள்ள ஒருவருக்கு அது சரியான தொகைதான், பட்டியலில் அப்படி ஒருவர் இருந்திருக்கவும் கூடும். மறுபக்கம், 9ஆல் பிரிபட்டால் இடமாற்றம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் 9ஆல் பிரிபடும். பிரிபடவில்லை என்றால் இடமாற்றம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அப்போது வித்தியாசமே ஒருவரின் முழுத்தொகையா என்று பாருங்கள், ஒரு வரி விடுபட்டிருக்கும் அல்லது இரண்டு தரம் வந்திருக்கும்.

இன்னொரு குறிப்பு: காசு நிரலை எக்செல்லே காணியளவிலிருந்து பெருக்கித் தருகிறது என்றால் இந்தச் சோதனை பயன்படாது, காணியளவு பிழையானாலும் இரண்டும் ஒத்துப்போகும். அப்போது காணியளவு மொத்தத்தைக் கட்டுக்களிலிருந்து கல்குலேற்றரில் தனியாகக் கூட்டி ஒப்பிட வேண்டும்.

எழுத்தில் தொகை எழுதுவதை நான் கடைசியில்தான் செய்வேன். 2,364,000 என்று இங்கே காற்புள்ளி போடுவது மூன்று மூன்றாக. வாயால் சொல்வது இருபத்து மூன்று இலட்சத்து அறுபத்து நான்காயிரம். காற்புள்ளியைப் பார்த்து வாசித்தால் ‘இரண்டு இலட்சத்து...’ என்று நாக்கு வழுக்கும். எழுத்தில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்து இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சரி.

மேற்கடிதத்தில் நான் முன்பு பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது. பட்டியல் அப்பழுக்கில்லை, இரண்டு நாள் இருந்து பார்த்தது. மேற்கடிதத்தை மட்டும் முந்திய வருடக் கடிதத்தைத் திறந்து மாற்றி எழுதினேன். மாற்றலாகிப் போன உத்தியோகத்தரின் பெயரும் போன வருடத் தீர்மானத்தின் திகதியும் அப்படியே போய்விட்டன. பட்டியல் முழுவதும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து மேற்கடிதத்தைப் புதிதாகவே எழுதுகிறேன். உங்களுக்கு அப்படி முடியாவிட்டால், பழைய கடிதத்தில் உள்ள எல்லாப் பெயர், திகதி, இலக்கங்களையும் முதலில் அழித்து, இடைவெளியாக்கி, பிறகு நிரப்புங்கள். வெறுமையாக விட்டது கண்ணில் படும், பழையது படாது.

அதில் திகதிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். வெள்ளம் வந்த திகதி, அமைப்பின் கூட்டம் நடந்த திகதி, கடிதத் திகதி, கந்தோர் சொன்ன கடைசித் திகதி, இந்த ஒழுங்கில்தான் அவை வர முடியும். கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து கூட்டத் திகதியைப் பாருங்கள். திகதியோடு கிழமையையும் எழுதி நாட்காட்டியில் பார்த்தால் பாதிப் பிழை அகப்படும்: 2024 ஒக்ரோபர் 17 வியாழன், அன்று போயா. அந்தத் திகதியில் கந்தோரில் கடிதம் கொடுத்ததாக எழுதியிருந்தால் எங்கோ இடறியிருக்கிறது. மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரால் எழுதினால் 03.05 மார்ச்சா மே மாதமா என்ற கேள்வியே எழாது. தை மாதத்தில் எழுதும் கடிதத்தில் போன வருடத்தை எழுதுவது எல்லோருக்கும் வருவது, காலபோகம் இரண்டு வருடத்தில் விழுவதால் எங்களுக்குக் கொஞ்சம் கூடவே வரும். 2024/2025 காலபோகம் என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடிதத்தில் ‘48 பேர்’ என்று சொன்னால் பட்டியலின் கடைசி வரிசை இலக்கமும் 48 ஆக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவரைச் சேர்த்து 49 ஆக்கிவிட்டுக் கடிதத்தை மாற்ற மறப்பது சாதாரணமாக நடக்கும்.

அந்தக் கடைசி நேரத் திருத்தம்தான் கூடுதலாகக் கெடுக்கும். எல்லாம் பார்த்து முடிந்து கொமினிகேஷனில் அச்செடுக்கும்போது ஒருவர் வந்து, ‘அண்ணை, என்ர கணக்கு இலக்கம் மாறிட்டுது’ என்பார். நின்ற நிலையில் திருத்துவீர்கள், பக்கத்து வரியில் கை பட்டுவிடும். திருத்திய வரியை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல் வரி, கீழ் வரி, மொத்தம், மேற்கடிதத்தில் அதே எண் வரும் இடம், நான்கையும் திரும்பக் கட்டோடு பாருங்கள். பழைய அச்சுப் பிரதிகளைக் குறுக்கே கோடு போட்டுக் கிழித்துவிடுங்கள். மேசையில் இரண்டு பிரதி இருந்தால் தலைவர் பழையதில்தான் கையெழுத்து வைப்பார், அது எனக்கு இரண்டு தரம் நடந்தது.

மின்னஞ்சலிலும் அனுப்பச் சொன்னால் எக்செல் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக்கிச் சேர்த்து அனுப்புங்கள். அனுப்ப முன் அந்தப் பிடிஎஃப்பை உங்கள் போனில் ஒருக்கால் திறந்து பாருங்கள். நிரல் ஒடுங்கி ##### என்று நிற்கிறதா, கணக்கு இலக்கத்தின் வால் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். கந்தோரில் கையில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வைத்து வாங்கி, 48 கட்டுக்களோடும் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவருடையது வரவில்லை என்றால், பிழை உங்கள் பக்கமா கந்தோர்ப் பக்கமா என்று அந்தப் பிரதியை வைத்துத்தான் கேட்கலாம்.